வாகனக் கதியைத் தணிக்கும் வீதி அமைப்புகள்

மாணவர்களே, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியை நீங்கள் நன்கு அறிவீர்கள். வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆகிய இடங்கள் இவ்வீதியிலேயே அமைந்துள்ளன. போர்க்காலத்தில் நெடுநாள் மூடப்பட்டிருந்த இவ்வீதி 2002 இல் திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 இன் பின்னர் இது சீராக மீளமைக்கப்பட்டது. குண்டும் குழியுமான வீதியில் எந்தச் சாரதியாலும் விரைவாக ஓட்ட முடியாது. அங்கு குழிகளே வேகத்தடைகள். தார் சீரானதும் அத்தடை நீங்கிவிடும். நேரான, சமதரையான வன்னி வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் என்பது சாரதிக்கு மெதுவான ஓட்டமாகவே தோன்றும். ஆயினும் அதே வீதி நகருக்குள் வரும்போது சந்தைக்கும் பாடசாலைக்கும் செல்வோர் குறுக்கே கடக்கும் வீதியாகிவிடுகிறது.

இங்கு கதி எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணிப்பின் மூலம் நோக்குவோம். பிள்ளையொன்று திடீரென வீதியில் இறங்குகிறது. சாரதி அதைக் கண்டு தடுப்பை மிதிக்க 1 செக்கன் செல்கிறது எனவும், அமர்முடுகல் 7 m s⁻² எனவும் கொள்க. நிற்பதற்குத் தேவையான தூரம்

s = v × 1 + v² / (2 × 7)

மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 13.9 மீற்றர் ஆகும். இக்கதியில் வரும் வாகனம் ஏறத்தாழ 28 மீற்றரில் நின்றுவிடும். மணிக்கு 70 கிலோமீற்றரில் (செக்கனுக்கு 19.4 மீற்றர்) வரும் வாகனத்துக்கு 46 மீற்றர் வேண்டும். பிள்ளை 28 மீற்றர் தூரத்தில் நின்றால் முதலாவது வாகனம் மட்டுமட்டாக நின்றுவிடும். இரண்டாவது வாகனம் அவ்விடத்தில் இன்னும் மணிக்கு 58 கிலோமீற்றர் கதியில் சென்றுகொண்டிருக்கும். v² = u² − 2as என்ற சமன்பாட்டைக் கொண்டு இதனை நீங்களே சரிபார்க்கலாம். கதி 20 கூடியதனால் மோதல் 58 இல் நிகழ்கிறது. மாணவர் பலர் தவறவிடும் இடம் இதுவே.

அறிவித்தற் பலகையால் மாத்திரம் கதி குறையாது. சாரதி தாமாகவே மெதுவாகச் செல்லும் வகையில் வீதியின் வடிவத்தை மாற்ற வேண்டும். இதற்கு மூன்று பிரதான வழிகள் உள்ளன.

முதலாவது, உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவை. வீதிக்குக் குறுக்கே 7.5 முதல் 10 சென்ரிமீற்றர் வரை உயரமான தட்டையான மேடை அமைத்து, அதன் மேல் கடவைக் கோடுகள் வரையப்படும். மேடையின் இருபுறமும் சாய்வுகள் இருக்கும். கதியைத் தணிப்பது மேடையின் உயரத்தைவிடச் சாய்வின் செங்குத்தே ஆகும். 10 இற்கு 1 என்ற சாய்வில் மணிக்கு 30 கிலோமீற்றரில் ஏறும் வாகனம் செக்கனுக்கு 0.83 மீற்றர் என்ற மேல்நோக்கிய வேகத்தைத் திடீரெனப் பெறுகிறது. 60 இல் ஏறினால் அது இருமடங்காகும். ஆசனத்தில் விழும் அந்த அடியை விரும்பாமலே சாரதி மெதுவாகச் செல்கிறார். பேருந்து ஓடும் வீதியில் 20 இற்கு 1 போன்ற மெதுவான சாய்வே பொருத்தம். இல்லையேல் பின் ஆசனத்தில் இருப்போர் தூக்கி எறியப்படுவர். வன்னியில் இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மாரி மழையில் இம்மேடை வீதிக்குக் குறுக்கே ஒரு அணைக்கட்டுப் போலச் செயற்படும். ஓரங்களில் நீர் வழிந்தோட இடைவெளியோ குழாயோ விடாவிட்டால், மேடையின் முன்னால் தண்ணீர் தேங்கித் தார் பெயரும்.

இரண்டாவது, வளைநெளிவுப் பாதை. வீதியின் இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறி ஓரக்கட்டுகளை நீட்டி, வாகனம் நெளிந்து செல்லுமாறு செய்வதே இது. ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். இரண்டு நீட்டல்களுக்கும் இடையே நேராகத் தெரியும் இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அமைப்பு வலுவற்றது. அந்த இடைவெளி 1 மீற்றராக இருந்தால் கார் நெளிய வேண்டும். மோட்டார் சைக்கிளோ நேராகப் பாய்ந்துவிடும். எமது வீதிகளில் மோட்டார் சைக்கிள்கள் ஏராளம் ஆகையால், ஐரோப்பிய நூல்களில் காணும் வளைநெளிவை அப்படியே இங்கு பெயர்த்து வைத்தால் பாதிப் பயனே கிடைக்கும். பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் திரும்ப இடமின்றித் தவிப்பதும் உண்டு.

மூன்றாவது, ஒடுக்கப்பட்ட நிரல். 3.5 மீற்றர் நிரலை 3 மீற்றராக்கினால் சாரதி சற்று எச்சரிக்கையடைவார். ஆனால் வெறும் வெள்ளைக் கோட்டால் ஒடுக்கினால் பயன் சொற்பம். அத்துடன் குறைக்கப்பட்ட இடம் துவிச்சக்கர வண்டிக்காரரின் இடமாகிவிடக் கூடாது.

இனி, பொறியியலாளர் எவ்வாறு தெரிவு செய்கிறார் என்பதை ஓர் உதாரணம் மூலம் விளங்கிக்கொள்வோம். கிளிநொச்சியில் ஒரு பாடசாலை இருப்பதாகக் கொள்க. அதன் முன்வாசல் ஏ9 வீதிக்கும், பின்வாசல் 5 மீற்றர் அகலமான உள்வீதிக்கும் திறக்கின்றன.

அவர் முதலில் கதியை அளப்பார். 50 மீற்றர் தூரத்தைக் குறித்து, அதைக் கடக்க வாகனம் எடுக்கும் நேரத்தை எழுதிக்கொள்வார். 3.6 செக்கன் எனில் கதி மணிக்கு 50 கிலோமீற்றர். இவ்வாறு 100 வாகனங்களை அளந்து ஏறுவரிசைப்படுத்தினால், 85 ஆவது வாகனத்தின் கதியே தீர்மானத்துக்கு எடுக்கப்படும். சராசரியை எடுத்தால் விரைவாக ஓடுவோர் மறைந்துவிடுவர்.

பின்வாசலில் அக்கதி 45 எனவும், வாகனங்கள் குறைவு எனவும் கொள்வோம். இங்கு உயர்த்தப்பட்ட கடவையே சிறந்தது. மோட்டார் சைக்கிளும் அதில் ஏறியே ஆக வேண்டும். ஆனால் மேடையைத் தாண்டியதும் சாரதிகள் மீண்டும் ஆர்முடுகுவர். ஆகையால் வீதி நீளமாயின் 100 மீற்றருக்குள் இன்னொரு தடை வேண்டும்.

முன்வாசலில் அக்கதி 68 எனக் கொள்வோம். லொறிகளும், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நோயாளரை ஏற்றிச் செல்லும் அம்புலன்ஸ்களும் ஓடும் வீதி இது. 68 இல் வரும் வாகனத்தின் முன் திடீரென மேடையை வைத்தால், இரவில் அதைக் காணாத மோட்டார் சைக்கிள்காரரே முதலில் விழுவார். ஆகவே கதியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நகர எல்லையில் அதிர்வுப் பட்டைகள் இடப்படும். கானா நாட்டில் அக்ரா–குமாசி நெடுஞ்சாலையின் சுஹூம் சந்தியில் இத்தகைய பட்டைகளை இட்டபோது விபத்துகள் ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்தன.

அடுத்து, வாசலின் எதிரே வீதி நடுவில் 2 மீற்றர் அகலமான தரிப்புத் தீவு. 7 மீற்றர் வீதியில் இத்தீவை வைத்தால் ஒவ்வொரு நிரலுக்கும் 2.5 மீற்றரே மிஞ்சும். பேருந்தின் அகலமே அவ்வளவுதான். எனவே ஓரங்களில் நிலம் எடுத்து, இரு நிரல்களும் தீவைச் சுற்றி வெளிப்புறமாக வளைய விடப்படும். இவ்வளைவே வளைநெளிவின் வேலையையும் செய்கிறது. நடுவே தீவு இருப்பதனால் வீதி நடுவால் குறுக்காக வெட்டிப் பாய்வது மோட்டார் சைக்கிளுக்கும் இயலாது.

தீவினால் பிள்ளைக்கு வேறொரு நன்மையும் உண்டு. செக்கனுக்கு 1 மீற்றர் நடக்கும் பிள்ளை 7 மீற்றர் வீதியைக் கடக்க 7 செக்கன் வேண்டும். அந்நேரத்தில் 70 இல் வரும் வாகனம் 136 மீற்றர் ஓடிவிடும். அவ்வளவு நீண்ட இடைவெளி இரு பக்கமும் ஒரே வேளையில் கிடைக்கப் பிள்ளை காத்திருக்க வேண்டும். 3.5 மீற்றர் நிரலைக் கடந்து தீவில் நின்றால் 68 மீற்றர் இடைவெளி போதும். அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும்.

சில மாதங்களின் பின் மீண்டும் 100 வாகனங்கள் அளக்கப்படும். 85 ஆவது கதி 50 இற்குக் கீழே இறங்கியிருந்தால், அப்போதே மெதுவான சாய்வுடன் கடவையை உயர்த்துவது பற்றி யோசிக்கலாம்.

பயிற்சி: பரந்தன் சந்தியில் ஏ9 இலிருந்து பிரிந்து முல்லைத்தீவு செல்லும் ஏ35 வீதியோரத்தில் ஒரு பாடசாலை உள்ளதாகக் கொள்க. 100 வாகனங்களில் 85 ஆவதன் கதி 62. வீதியில் செல்வோருள் அரைவாசிப் பேர் துவிச்சக்கர வண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் செல்கின்றனர். மாரியில் வீதியோரத்தில் நீர் நிற்கும். மேற்கூறிய அமைப்புகளுள் எதை முதலில் இடுவீர்கள், எதைத் தவிர்ப்பீர்கள் எனக் காரணங்களுடன் எழுதுக.