பூட்டைத் திறக்காமலே திருத்தப்பட்ட செய்தி

வைஃபையின் முதல் பாதுகாப்பு முறை WEP. அதில் ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் CRC-32 என்ற 32 பிட் சரிபார்ப்பு எண் சேர்க்கப்பட்டு, இரண்டும் மறையாக்கம் செய்து அனுப்பப்பட்டன. பெறும் கணினி அந்த எண்ணைத் தானும் கணக்கிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் செய்தியைத் தள்ளிவிடும்.

வானொலி இரைச்சலால் சில பிட்கள் சிதைந்தால் இந்த எண் அதைக் கண்டுபிடித்துவிடும். அடுத்தடுத்த 32 பிட்களுக்குள் அடங்கும் எந்தப் பிழையும் அதனிடமிருந்து தப்பாது.

ஆனால் இரைச்சலுக்குத் திட்டம் கிடையாது, திருடனுக்கு உண்டு. 2001இல் போரிசோவ், கோல்ட்பர்க், வாக்னர் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை விளக்கிக் காட்டினர். செய்தியில் எந்தெந்த பிட்களைப் புரட்டுகிறோம் என்று தெரிந்தால், CRCயில் எவை புரளும் என்பதையும் கணக்கிட்டுவிடலாம். அதற்கு மூலச் செய்தியே தேவையில்லை. WEPஇன் மறையாக்கத்திலோ, மறைபொருளில் ஒரு பிட்டைப் புரட்டினால் உள்ளே அதே பிட் புரளும். ஆகவே சாவி இல்லாமலே இரண்டு இடங்களிலும் திருத்தினால் போதும். பெறும் கணினி சந்தேகமின்றி ஏற்றுக்கொள்ளும்.

SHA-256 போன்ற மறையாக்க ஹாஷில் இப்படிப்பட்ட எளிய தொடர்பு இல்லை. ஒரு பிட் மாறினாலும் விடையில் ஏறக்குறைய பாதி பிட்கள் கணிக்க முடியாதபடி மாறும். எனினும் செய்தியை அறிந்தவர் எவரும் அதன் ஹாஷைப் புதிதாகக் கணக்கிடலாம். அதனால்தான் 2004இல் வந்த WPA2, ரகசியச் சாவி கலந்து உருவாக்கும் சரிபார்ப்புக் குறியீட்டைப் பயன்படுத்தியது.