டிவியைப் பார்க்காமலேயே 'அம்மா சீன்' வந்துடுச்சுன்னு எப்படித் தெரியுது? 'தளபதி' இசை சொல்லும் ரகசியம்

மாங்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை. மூலையில் டிவி ஓடுகிறது, படம் 'தளபதி'. மாஸ்டர் திரைக்கு முதுகைக் காட்டியபடி டீ ஆற்றிக்கொண்டிருக்கிறார். திடீரென வசனம் நின்று ஒரு மெல்லிய இசை வருகிறது. "அம்மா சீன் வந்துடுச்சுப்பா" என்கிறார், திரும்பிப் பார்க்காமலேயே!

இப்படி ஒரு காட்சி எந்த ஊர் டீக்கடையிலும் நடக்கலாம். படத்தைப் பார்க்காத ஒருவருக்கு எந்தக் காட்சி என்று எப்படித் தெரிகிறது? தெரிவது மட்டுமில்லை, மனசும் ஏன் கொஞ்சம் கனக்கிறது? இதற்குப் பின்னால் இருக்கும் உத்திக்கு 'லைட்மோட்டிஃப்' என்று பெயர்.

லைட்மோட்டிஃப் என்றால் என்ன?

ஒரு கதாபாத்திரம், ஒரு உறவு அல்லது ஒரு நினைவோடு சேர்த்துக் கட்டப்படும் சின்ன இசைத்துணுக்குதான் லைட்மோட்டிஃப். வழிகாட்டும் இசை என்று பொருள் தரும் ஜெர்மன் சொல் இது. 1876-ல் ஜெர்மனியில் முழுதாக மேடையேறிய வாக்னரின் நான்கு பகுதி இசை நாடகம்தான் இதற்குப் பெரிய முன்னோடி. அதில் ஆட்களுக்கு மட்டுமல்ல, ஒரு வாளுக்கும் மோதிரத்துக்கும்கூடத் தனித்தனி இசை உண்டு. பிறகு சினிமா அதை எடுத்துக்கொண்டது.

அப்போ ஹீரோ என்ட்ரிக்கு வரும் மாஸ் பிஜிஎம்-மும் இதுதானா? இல்லை, ஒரு வித்தியாசம் இருக்கு. ரஜினி படங்களின் தொடக்கத்தில் அவர் பெயர் திரையில் விழும்போது வரும் இசையை எடுத்துக்கொள்வோம். 'அண்ணாமலை' படத்துக்காக தேவா போட்டது. அது ரஜினி என்ற நடிகருக்கான இசை. எந்தப் படத்தில் வந்தாலும் அர்த்தம் மாறாது. லைட்மோட்டிஃப் அப்படியல்ல. அது கதைக்குள் இருக்கும் ஆளுக்குச் சொந்தம். கதை நகர நகர, அதே இசையின் அர்த்தமும் மாறிக்கொண்டே போகும்.

'தளபதி'யில் என்ன நடக்கிறது?

மணிரத்னம் இயக்கி, இளையராஜா இசையமைத்து, 1991 தீபாவளிக்கு வந்த படம். மகாபாரதத்தின் கர்ணன் கதைதான் அடிப்படை. போகி நாளில் ஓர் இளம்பெண் தான் பெற்ற குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். அந்தக் குழந்தைதான் சூர்யா, அதாவது ரஜினி. அந்தத் தாய் கல்யாணி, அதாவது ஸ்ரீவித்யா.

வாலி எழுதி எஸ்.ஜானகி பாடிய 'சின்னத்தாயவள்' பாட்டின் மெட்டுதான் இந்தத் தாய்–மகன் உறவின் இசை. படம் முழுக்க அந்த மெட்டு வார்த்தைகள் இல்லாமல் பின்னணியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கூடவே இன்னொரு சத்தமும் உண்டு. ரயில் சத்தம்.

கோயில் காட்சியை நினைத்துப் பாருங்கள். அம்மாவும் மகனும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். தூரத்தில் ரயில் போகிறது. அந்தச் சத்தத்தில் கல்யாணியின் முகம் மாறுகிறது. பெற்ற பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. ஆனால் நமக்குத் தெரியும். அதை நினைவுபடுத்த ஒரு வசனமும் தேவைப்படவில்லை. சத்தமும் இசையும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

இதுதான் லைட்மோட்டிஃப்பின் முக்கியமான வேலை. 'இதோ சூர்யா வந்துட்டான்' என்று அறிவிப்பதற்காக அது வருவதில்லை. கதாபாத்திரங்களுக்கே தெரியாத ஒன்றை நம் காதில் சொல்வதற்காக வருகிறது.

அடிக்கிறவன் மேல் ஏன் இரக்கம் வருது?

சூர்யா சாதுவான ஆள் இல்லை. அவன் அடித்ததில் ரமணா என்பவன் செத்தே போகிறான். அவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வருகிறது. கணக்குப்படி பார்த்தால் சூர்யா மேல் நமக்குக் கோபம்தான் வரணும். ஆனால் அந்த மெட்டு வரும்போதெல்லாம், நாம் பார்ப்பது ஒரு ரவுடியை அல்ல, ரயிலில் விடப்பட்ட கைக்குழந்தையை. அவன் செய்த தப்பை இசை மறைக்கவில்லை. அந்தத் தப்புக்குப் பின்னால் இருக்கும் காயத்தை மறக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

தமிழ் சினிமாவுக்கு இதில் ஒரு தனி வசதியும் இருக்கு. பாட்டின் மெட்டையே பின்னணி இசையாக எடுக்கும்போது, அதன் வரிகள் ஏற்கெனவே நம் மனசில் இருக்கும். புல்லாங்குழலோ வயலினோ மெட்டை மட்டும் வாசித்தால் போதும், வார்த்தைகளை நாமே உள்ளுக்குள் பாடிவிடுவோம். கேசட் காலத்தில் பாட்டுகள் படத்துக்கு முன்பே வெளியாகிவிட்டதால், தியேட்டருக்கு வரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரே மெட்டு, வேறு உணர்வு எப்படி?

மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு வாத்தியம், வேகம், சத்தத்தின் அளவு ஆகியவற்றை மாற்றினால் போதும். 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் டார்த் வேடருக்கு ஜான் வில்லியம்ஸ் போட்ட அணிவகுப்பு இசை 1980-ல் வந்த படத்தில் பித்தளை ஊதுகருவிகளில் முழங்கும். கேட்டாலே பயம் வரும். 1983-ல் வந்த படத்தில் அவர் மகன் கண்முன்னே சாகும்போது, அதே மெட்டு மெதுவாக, கடைசியில் ஹார்ப் நரம்புகளில் அடங்கிப்போகும். அவ்வளவு நாள் பயந்த ஆளுக்காக அப்போது மனசு இளகிவிடும்.

வீடியோ கேமில் இது இன்னும் ஆழமாக இறங்கும், ஏனென்றால் அங்கே ஆடுவது நாம். 1997-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7' கேமில் ஏரித் என்ற பெண் கொல்லப்பட்டதும் சண்டை ஆரம்பிக்கும். வழக்கமாகச் சண்டை என்றால் வேகமான சண்டை இசைக்கு மாறிவிடும். இங்கே மாறாது. இசையமைப்பாளர் நோபுவோ உவேமட்சு ஏரித்துக்காகப் போட்ட மெல்லிய இசையே தொடரும். பட்டனை அழுத்திச் சண்டை போட்டுக்கொண்டே துக்கம் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

எங்கே சொதப்பும்?

முதல் தவறு, அளவுக்கு மீறிப் போடுவது. கதாபாத்திரம் கதவைத் திறந்தாலும் அதே இசை, காபி குடித்தாலும் அதே இசை என்றால், உண்மையான அழுத்தம் தேவைப்படும் இடத்தில் அதற்கு வலு இருக்காது. இரண்டாவது, முதல்முறை பதியவே இல்லாமல் போவது. வசனத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் அடியில் புதைந்த மெட்டு, இரண்டாவது முறை வந்தாலும் நமக்கு எதையும் ஞாபகப்படுத்தாது.

நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி

அடுத்து ஒரு படம் பார்க்கும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ஆள் திரையில் இல்லாதபோதும் அவர் இசை வருகிறதா? கடைசியில் வரும்போது, முதலில் கேட்டதைவிட வேறு உணர்வைத் தருகிறதா? இரண்டுக்கும் 'ஆமா' என்றால் அது லைட்மோட்டிஃப். இல்லையென்றால் அது வெறும் என்ட்ரி மியூசிக்.

'தளபதி'யில் கடைசியாக அம்மா மகனைத் தேடி அவன் வீட்டுக்கே வருகிறார். அதுவரை அம்மாவுக்குத் தெரியாமல் இருந்த உண்மை அங்கே இரண்டு பேருக்கும் பொதுவாகிறது. டீக்கடை மாஸ்டர் அந்தக் காட்சியின்போது ஒரு நிமிஷம் டீ ஆற்றுவதை நிறுத்தினால், காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.