யானை அளவு கற்கள்

தம் வாழ்க்கையைத் தாமே எழுதுபவர் தன்வரலாற்று ஆசிரியர். அவர் பொய் சொல்ல நினைக்காவிட்டாலும், எழுதியவை அனைத்தும் அப்படியே நடந்தவை என்று கொள்ள முடியாது. முன்ஷி அப்துல்லா எழுதிய ‘ஹிகாயாட் அப்துல்லா’ இதற்குத் தக்க சான்று.

அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து வந்து நாகூரில் குடியேறியவர். இளமையில் தமிழும் பயின்ற அப்துல்லா, தம் வரலாற்றை மலாய் மொழியில் 1840 முதல் 1843 வரை எழுதினார். அது 1849-இல் சிங்கப்பூரில் அச்சானது.

1807-இல் ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தனர். அப்போது அப்துல்லா ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவர். யானை அளவிலும் வீட்டளவிலும் கற்கள் பறந்தன என்று அவர் எழுதுகிறார். கோட்டை தகர்ந்தது உண்மை. அரசாங்கப் பதிவுகளும் அதைக் கூறுகின்றன. கற்களின் அளவோ, வெடியோசையில் நடுங்கிய சிறுவனின் நினைவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்த அளவு. அதை அளவுகோலாகக் கொள்ளாமல், ஊர் மக்கள் அடைந்த அச்சத்தின் பதிவாகக் கொள்வதே பொருத்தம்.

சிங்கப்பூரைப் பற்றிய பகுதியில் சிக்கல் வேறு வகையானது. ஃபார்க்குவார் முதலில் அங்குச் சென்றார், இராபிள்ஸ் பின்னர் வந்தார் என்று அப்துல்லா கூறுகிறார். உண்மையில் இருவரும் 1819 ஜனவரி இறுதியில் ஒன்றாகவே சென்றனர். பிப்ரவரி 6-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தானது. அப்போது அப்துல்லா மலாக்காவில் இருந்தார். பிறர் சொல்லக் கேட்டதையே அவர் எழுதினார். ஃபார்க்குவார் பல ஆண்டுகள் மலாக்காவை நிருவகித்தவர். அந்நகர மக்களின் பேச்சில் அவர் பெயர் முந்தி நின்றதில் வியப்பில்லை. ஆகவே, ஒரு நிகழ்ச்சியைப் படிக்கும்போது எழுதியவர் அவ்விடத்தில் இருந்தாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அப்துல்லா மலாய் ஆட்சியாளர்களின் குறைகளைத் தயங்காமல் எழுதுகிறார். இராபிள்ஸைப் பற்றியோ பாராட்டே மிகுதி. அவர் இளமையில் இராபிள்ஸிடம் எழுத்தராகப் பணியாற்றியவர். நூலை எழுதத் தூண்டியவரும் ஆல்பிரட் நார்த் என்னும் மேலைநாட்டுப் பாதிரியார். அவர் எவற்றை மென்மையாக்கியிருக்கலாம் என்பதை ஊகிக்க இவ்விவரங்கள் உதவும். இராபிள்ஸின் கடிதங்களும் நடுநிலையானவை அல்ல. சிங்கப்பூரை நிறுவிய பெருமை யாருக்கு என்பதில் அவருக்கும் ஃபார்க்குவாருக்கும் பூசல் இருந்தது. உடன்படிக்கையின் தேதி மட்டும் அப்பூசலால் மாறாது.

செமோர் வட்டாரத்து இரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த ஒருவரின் தன்வரலாற்றையும் இவ்வாறே ஆராயலாம். அவர் எத்தனை நாள் வேலைக்குப் போனார், என்ன கூலி பெற்றார் என்பதைத் தோட்டத்துச் செக்ரோல் புத்தகம் காட்டும். பள்ளியில் சேர்ந்த ஆண்டைப் பள்ளிப் பதிவேடு காட்டும். ஆனால், விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவர் மனம் எப்படி இருந்தது என்பது செக்ரோலில் இராது. அது அவர் எழுதிய பக்கத்தில் மட்டுமே கிடைக்கும்.