உத்தரவாத விலையும் நெல்லின் ஈரப்பதனும்
கமக்காரரின் ஐயங்களும் அவற்றிற்கு விடைகளும்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆம் திகதி, பெரும்போக வெட்டு நடந்துகொண்டிருந்த வேளையில், நெல்லுக்கான உத்தரவாத விலைகளை அரசாங்கம் அறிவித்தது. நாட்டு நெல் கிலோகிராம் ஒன்றுக்கு 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச் சம்பா 132 ரூபா என விலை குறிக்கப்பட்டது. இவ்விலைக்கு நெல் சந்தைப்படுத்தல் சபை நெல்லை ஏற்பதற்கு, நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். விலையைக் கேட்டு மகிழ்ந்த கமக்காரர் பலர் இந்த நிபந்தனையைக் கேட்டுக் கலக்கமுற்றனர். அவர்களுக்கு எழக்கூடிய ஐயங்களும் அவற்றிற்குரிய விடைகளும் இங்கே தரப்படுகின்றன. விலை போகத்துக்குப் போகம் மாறக்கூடும். ஆகவே அவ்வப்போகத்துக்குரிய விலையைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறிதல் வேண்டும். ஈரப்பதனைப் பற்றிய கணக்கு எவ்விலைக்கும் ஒன்றே.

வினா 1: உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டபின் வியாபாரிகளும் அவ்விலைக்கே வாங்குவார்களா?

விடை: உத்தரவாத விலையென்பது சபை தன் களஞ்சியங்களில் நெல்லை ஏற்கும் விலையாகும். வயல்வரம்புக்கு லொறியுடன் வரும் வியாபாரி அதனிலும் கூடவோ குறையவோ கேட்கலாம். தன் நெல்லைச் சபைக்குக் கொடுக்கக்கூடிய நிலையில் வைத்திருக்கும் கமக்காரருக்கு, வியாபாரியின் விலை போதாதென்று தோன்றும்போது போக்கிடம் ஒன்று உண்டு. பச்சை நெல்லை வைத்திருப்பவருக்கு அது இல்லை. உத்தரவாத விலையின் பயன் உலர்ந்த நெல்லிலேயே தங்கியுள்ளது.

வினா 2: 14 வீதம் என்று ஏன் குறித்தார்கள்? நெல்லைத் தட்டிக் கழிப்பதற்கான வழியா இது?

விடை: அன்று. நெல்மணி அறுத்த பின்னும் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது. ஈரம் கூடியிருக்கும்போது அந்த மூச்சும் கூடுகிறது, சாக்கினுள் வெப்பம் பிறக்கிறது, வெப்பத்துடன் பூஞ்சணம் பற்றுகிறது, அரிசி மஞ்சளிக்கிறது. மஞ்சளித்த அரிசியை மீண்டும் வெள்ளையாக்க எவராலும் இயலாது. ஈரப்பதன் 14 வீதமளவில் நின்றால் நெல்லைச் சில மாதங்கள் பழுதின்றி வைத்திருக்கலாம். ஆலையில் குற்றும்போதும் அரிசி குறைவாகவே நொறுங்கும். வெட்டு இயந்திரத்தால் அறுக்கப்படும் நெல்லில் பெரும்பாலும் 20 வீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். முன்னாளில் அறுத்த கதிரை வயலிற் காயவிட்டு, சூடு வைத்துப் பின்பே மிதித்தார்கள். அந்த நாட்களில் நெல் தானே உலர்ந்தது. இயந்திரம் வந்தபின் அவ்விடைவெளி அற்றுப்போனது. அதனாலேயே உலர்த்துதல் இன்று தனி வேலையாகிவிட்டது.

வினா 3: உலர்த்தினால் நிறை குறைகிறதே. பச்சையாக விற்பதே இலாபமன்றோ?

விடை: இதனைக் கணக்கிட்டே முடிவு செய்தல் வேண்டும். இரண்டு ஏக்கரில் நாட்டு நெல் 3,000 கிலோகிராம் பெற்ற ஒரு கமக்காரரை எடுத்துக்கொள்வோம். நெல்லின் ஈரப்பதன் 20 வீதம். அப்படியாயின் 3,000 கிலோகிராமில் 600 கிலோகிராம் நீர். மிகுதி 2,400 கிலோகிராமே காய்ந்த பொருள். உலர்த்தும்போது நீர்தான் போகிறது. காய்ந்த பொருள் குறைவதில்லை.

ஈரப்பதன் 14 வீதமானால், 100 கிலோகிராம் நெல்லில் 86 கிலோகிராம் காய்ந்த பொருள் இருக்கும். ஆகவே 2,400 ஐ 86 ஆற் பிரித்து 100 ஆற் பெருக்கினால் ஏறக்குறைய 2,790 கிலோகிராம் வரும். நிறையில் இழப்பு 210 கிலோகிராம். ஆறு வீதம் ஈரம் குறைந்தால் நிறையும் ஆறு வீதமே குறையுமெனப் பலர் எண்ணுவர். உண்மையில் அது ஏழு வீதமளவில் குறைகிறது. இதனை முன்னரே அறிந்திருந்தால், களஞ்சியத்தில் நிறுக்கும்போது ஐயுறவு தோன்றாது.

2,790 கிலோகிராமைக் கிலோ 120 ரூபாவாக விற்றால் 334,800 ரூபா கிடைக்கும். உலர்த்தும் கூலிக்கும் ஏற்றிச் செல்வதற்கும் 15,000 ரூபா செலவாகிறதென வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 319,800 ரூபா. இதனைப் பச்சை நெல்லின் 3,000 கிலோகிராமாற் பிரித்தால் கிலோவுக்கு 106 ரூபா 60 சதம் வருகிறது. வயலில் நிற்கும் வியாபாரி இதற்கு மேற் கொடுப்பாராயின் பச்சையாகவே விற்றுவிடலாம். இதற்குக் குறையக் கேட்டால் உலர்த்துவதே நன்று. அவர் 95 ரூபாவுக்குக் கேட்டால், இக்கமக்காரர் இழப்பது 34,800 ரூபாவாகும். ஒவ்வொருவரும் தத்தம் ஈரப்பதனையும் செலவையும் இட்டு இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். வியாபாரி சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழிப்பவராயின், அக்கழிவையும் அவருடைய விலையிலிருந்து குறைத்தே ஒப்பிடல் வேண்டும்.

வினா 4: பாதுகாப்புக்காக நன்றாகக் காயவிட்டால் என்ன?

விடை: மேலதிகமாக உலர்த்துவதும் நட்டமே. மேற்சொன்ன நெல்லை 11 வீதம் வரை காயவிட்டால் நிறை ஏறக்குறைய 2,697 கிலோகிராமாகிவிடும். 14 வீதத்தில் நின்ற நெல்லோடு ஒப்பிட 93 கிலோகிராம் குறைவு. 120 ரூபா விலைக்கு 11,160 ரூபா காற்றோடு போயிற்று. அத்துடன் மிகையாக வெயில் பட்ட மணி உள்ளே வெடித்து ஆலையிற் குறுநொய்யாகும். விற்பதற்கான நெல்லை 14 வீதத்தில் நிறுத்துவதே முறை. விதைக்கென வைக்கும் நெல்லை மட்டும் இதனிலும் சற்றுக் கூட உலர்த்தலாம்.

வினா 5: ஈரமானி இல்லாத கமக்காரர் ஈரப்பதனை எவ்வாறு அறிவது?

விடை: மணியைப் பல்லாற் கடித்துப் பார்ப்பது பழகியவருக்கு உதவும், ஆயினும் கடித்தவர் சொல்வதை மற்றவர் அளந்து பார்க்க இயலாது. உப்பும் போத்தலும் கொண்டு செய்யும் சோதனை இதனிலும் திருத்தமானது. தூள் உப்பைச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கி ஆறவிடுக. நன்கு காய்ந்த, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றில் ஒரு கோப்பை நெல்லும் இரண்டு மேசைக்கரண்டி உப்பும் இட்டு, மூடி, ஒரு நிமிடம் வரை குலுக்குக. பின் சில நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்குக. உப்புத் துகள்கள் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டி நின்றால் நெல்லின் ஈரப்பதன் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் அடியில் விழுந்தால் 15 வீதத்துக்குக் கீழ்.

இச்சோதனை 14 வீதத்தைக் காட்டாது. 15 வீதத்தின் இருபுறத்தையே காட்டும். ஆகவே உப்பு ஒட்டாது போன பின்னும் சில மணிநேர வெயில் காட்டி, ஆறவிட்டு, சிறிதளவு மாதிரியை ஈரமானி உள்ள இடத்துக்குக் கொண்டுசென்று பார்த்த பின்பே முழு நெல்லையும் ஏற்றுதல் வேண்டும். லொறிக்கூலி கொடுத்துப் போய்த் திரும்பி வருவதிலும் இது இலகு.

வினா 6: வீட்டில் ஓரளவும் களஞ்சியத்தில் வேறளவும் காட்டுவது ஏன்?

விடை: பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, வெயிலில் இருந்து எடுத்த சூடான நெல்லை உடனே அளந்தால் ஈரமானி பிழையாகக் காட்டலாம். நெல் ஆறிய பின்பே அளத்தல் வேண்டும். இரண்டாவது, சாக்கின் வாயில் உள்ள நெல்லும் அடியில் உள்ள நெல்லும் ஒரே ஈரமாயிராது. பல சாக்குகளில், மேலும் நடுவும் அடியுமாக எடுத்துக் கலந்த மாதிரியே முழு நெல்லையும் குறிக்கும். மூன்றாவது, விளையாத பச்சை மணிகள் கலந்திருந்தால் அவை அளவைக் கூட்டிவிடும். களஞ்சியத்தில் அளக்கும்போது கமக்காரர் அருகில் நின்று பார்த்து, ஒருமுறை கூடுதலாகக் காட்டினால் வேறு சாக்குகளிலிருந்தும் எடுத்து மீண்டும் அளக்குமாறு பணிவுடன் கேட்கலாம்.

வினா 7: எவ்வாறு உலர்த்தினால் மணி உடையாது?

விடை: அறுத்த நெல்லைச் சாக்கில் இராத் தங்கவிடாது அன்றே பரப்புதல் நன்று. சீமெந்துக் களத்திலோ, படங்கிலோ, பாயிலோ இரண்டு விரல் கனத்துக்கு மேற்படாமற் பரப்புக. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுக. கிளறாவிடில் மேல்மணி வெடிக்க, அடிமணி பச்சையாகவே இருக்கும். உச்சி வெயிலில் நெல் கைபொறுக்காத சூடேறினால், குவித்து மூடிவைத்துப் பின்னேரம் மீண்டும் பரப்புக. மாலையில் குவித்துப் படங்கால் மூடுக. காய்ந்த மணியிற் பனியோ மழைத்துளியோ பட்டால், அது ஈரத்தை உறிஞ்சி உள்ளே பிளந்துவிடும். பிளவு வெளியே தெரியாது, ஆலையிலேதான் தெரியவரும். 20 வீத நெல்லுக்கு நல்ல வெயிலில் ஒன்று அல்லது இரண்டு நாள் போதும். வீதியோரத்தில் உலர்த்துவதால் கல்லும் மண்ணும் கலப்பதோடு, சில்லுப்பட்டு மணியும் உடைகிறது, உயிருக்கும் ஆபத்து.

வினா 8: வெட்டுக் காலத்தில் மழை தொடர்ந்தால் என்ன செய்வது?

விடை: நெல்லைச் சாக்கில் அடைத்துவைப்பதே செய்யக்கூடாத காரியம். வெயிலில்லாவிடினும், கூரையின் கீழ், காற்றோட்டமுள்ள இடத்தில் மெல்லிதாகப் பரப்பி அடிக்கடி கிளறினால் சூடேறுவதைத் தடுக்கலாம். குவியலுக்குள் முழங்கை வரை கையைவிட்டுப் பார்க்குக. வெளியிலும் பார்க்க உள்ளே சூடாயிருந்தாலோ, புளித்த அல்லது பூஞ்சண மணம் வந்தாலோ, அந்நேரமே, இரவாயினும், கலைத்துப் பரப்புதல் வேண்டும். பரப்ப இடமில்லாதவருக்கு, கிடைக்கும் விலைக்குப் பச்சையாக விற்பதே சில வேளைகளில் அறிவுடைமை. பழுதுபட்ட நெல்லை எவ்விலைக்கும் சபை ஏற்காது.

வினா 9: ஈரப்பதன் சரியாயிருந்தும் நெல் திருப்பப்படுமா?

விடை: ஆம். பதரும் வைக்கோலும் மண்ணும் கலந்திருந்தாலும், ஓரினத்தோடு வேறினம் கலந்திருந்தாலும் திருப்பப்படலாம். உலர்த்தி முடிந்ததும் காற்றில் தூற்றுக. சம்பாவும் நாட்டு நெல்லும் செய்தவர் களத்தைக் கூட்டித் துப்புரவாக்கிய பின்பே அடுத்த இனத்தைப் பரப்புதல் வேண்டும். சாக்குகளையும் உதறிப் பார்த்தே நிரப்புக. சம்பாவில் நாட்டு நெல் கலந்துவிட்டால், கூடுதல் விலை பெறவேண்டிய நெல் அவ்விலையை இழக்கும்.