பலூனுக்குள் ஒரு சிலேடை

கோசினி எழுதி யுடெர்ஸோ வரைந்த ஆஸ்டரிக்ஸ் வரிசையில், ‘தேவர்களின் குடியிருப்பு’ என்று பொருள்படும் பிரெஞ்சு ஆல்பம் 1971-இல் வந்தது. காட்டை அழித்து ரோமானியர்களுக்கு வீடுகள் கட்டுவதற்காக அடிமைகள் மரம் வெட்டும் கதை. அந்த அடிமைகளில் நுமீடியர்களும் உண்டு. நுமீடியனிடம் வறட்டுத்தனமாகப் பேசக்கூடாது என்ற பொருளில் அதில் ஒரு வசனம் வருகிறது.

தமிழில் இப்படியே எழுதினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். பிரெஞ்சு வாசகர் சிரிப்பதற்குக் காரணம் ஒலி. ‘ஒரு’ என்பதற்கான பிரெஞ்சுச் சொல், உயிர் ஒலியில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது அதன் ‘ன்’ அந்த உயிரில் ஏறிக்கொள்ளும், பொன்னும் அணியும் பொன்னணி ஆவதுபோல. அதனால் ‘ஒரு நுமீடியன்’ என்பதும் ‘ஈரமான ஒருவன்’ என்பதும் காதில் ஒன்றாகவே விழும். ஈரமானவனிடம் வறட்சியாகப் பேசலாமா என்பதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் சிலேடை.

நாவலாக இருந்தால் அடிக்குறிப்பு போட்டுத் தப்பிக்கலாம். காமிக்ஸில் விளக்கம் படித்த பிறகு வரும் சிரிப்பு, சிரிப்பே அல்ல. எனவே மொழிபெயர்ப்பாளர் முதலில் எதைக் காப்பாற்றுவது என்று முடிவுசெய்ய வேண்டும். கடுமையான பேச்சு, அதைக் கேட்பவன் அடிமை, ஒரே ஒலியில் இரு பொருள் ஆகிய மூன்றும் வேண்டும். ஈரமும் வறட்சியும் போனால் போகட்டும். அப்படி யோசித்தால் இப்படி எழுதலாம்:

அடிமைன்னா
அடிச்சுப்
பேசலாமா?

அடித்துப் பேசுவது உறுதியாகச் சாதிப்பது. அடிமைக்குப் பக்கத்தில் வந்ததும் அதே சொல்லில் கையோங்கும் அடியும் கேட்கிறது.

அடுத்தது இடம். பலூனின் அளவு பிரெஞ்சு வசனத்துக்காக வரையப்பட்டது. தமிழ்ச் சொற்கள் விகுதி சேர்ந்து நீள்பவை. மேல்விலங்கும் கீழ்விலங்கும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளை நெருக்கவும் முடியாது. எழுத்தைச் சிறிதாக்கினால் அந்தக் கதாபாத்திரம் முணுமுணுப்பதுபோல் ஆகிவிடும். நீளமான சொல்லைப் பாதியில் உடைத்தால், கண் இரண்டாம் பாதியைத் தேடுவதற்குள் நகைச்சுவை செத்துவிடும். பேச்சுவழக்கு இங்கே கைகொடுக்கிறது. ‘அடிமை என்றால்’ என்பதைவிட ‘அடிமைன்னா’ குறுகலானது. நீள்வட்ட பலூனில் மேலும் கீழும் இடம் குறைவு என்பதால், வரிக்கு ஒரு சொல்லாக அடுக்குகிறோம். இரண்டு ‘அடி’யும் அடுத்தடுத்த வரிகளில் வரும்போது மோனை காதோடு கண்ணுக்கும் தெரிகிறது.

எல்லாச் சிலேடைக்கும் இப்படி மாற்று கிடைக்காது. ஆங்கிலத்தில் ஆஸ்டரிக்ஸை மொழிபெயர்த்த ஆந்தியா பெல்லும் டெரெக் ஹாக்ரிட்ஜும், ஒரு கட்டத்தில் விட்ட சிலேடையை மொழி இடம்கொடுக்கும் வேறொரு கட்டத்தில் ஈடுகட்டினார்கள். தமிழிலும் அதுவே நேர்மையான வழி. ஆனால் ஈடுகட்டும் இடத்தைப் படம் அனுமதிக்க வேண்டும். முகம் சுளித்து நிற்பவன் வாயில் கேலியைத் திணித்தால், வாசகர் வசனத்தை விட்டுவிட்டு முகத்தைத்தான் நம்புவார்.