இரண்டு தொடர், ஒரு கதை: மகாசங்கமம் உருவாவது எப்படி?

1996-ன் தொடக்கத்தில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'லா அண்ட் ஆர்டர்' பார்த்தவர்கள், ஒரு நீதிமன்றக் காட்சியில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் கிளேர் கின்கெய்டை வழக்கம்போலக் கண்டார்கள். ஆனால் அங்கே இருந்தவர் அந்தப் பாத்திரத்தில் நடித்துவந்த ஜில் ஹென்னஸி அல்ல. அவருடைய இரட்டைச் சகோதரி ஜாக்குலின். ஜில் அப்போது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி, பால்டிமோர் நகரில் 'ஹோமிசைட்' என்ற வேறொரு தொடரின் படப்பிடிப்பில் இருந்தார். அங்கேயும் அதே கிளேர் கின்கெய்ட் பாத்திரத்தில்தான் அவர் நடித்துக்கொண்டிருந்தார்.

ஒரு தொடரின் பாத்திரங்கள் இன்னொரு தொடருக்குள் நுழைந்து, இரண்டிலும் ஒரே கதை ஓடுவதைத் தமிழ்ச் சின்னத்திரை 'மகாசங்கமம்' என்கிறது. அமெரிக்கர்கள் கிராஸ்ஓவர் என்பார்கள். பார்ப்பவருக்கு அது திருவிழா. தயாரிப்பு அலுவலகத்துக்கோ கால்ஷீட், கதை, ஒளிபரப்பு நாள் மூன்றையும் ஒரே முடிச்சில் கட்டும் வேலை. அந்த முடிச்சு எப்படிப் போடப்படுகிறது என்பதை அறிய, 'லா அண்ட் ஆர்டர்' – 'ஹோமிசைட்' கூட்டணியைப் போலத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இரண்டும் போலீஸ் தொடர்கள், இரண்டும் ஒரே சேனலில் வந்தவை. மற்றபடி ஒற்றுமை குறைவு. டிக் உல்ஃப் உருவாக்கிய 'லா அண்ட் ஆர்டர்' நியூயார்க்கில் எடுக்கப்பட்டது. முதல் பாதியில் போலீஸ் விசாரணை, இரண்டாம் பாதியில் நீதிமன்றம் என்று அதற்கு மாறாத வடிவம் இருந்தது. பால்டிமோரில் எடுக்கப்பட்ட 'ஹோமிசைட்', டேவிட் சைமன் எழுதிய புத்தகத்தின் அடிப்படையில் உருவானது. பேரி லெவின்சனும் டாம் ஃபொன்டானாவும் அதன் தயாரிப்பாளர்கள். கேமராவைக் கையில் பிடித்தே எடுப்பார்கள். காட்சி ஓடும்போதே வெட்டி வெட்டித் தாவும். விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு வந்த அந்தத் தொடருக்குப் பார்வையாளர்கள் குறைவு. புதன்கிழமை இரவு 10 மணிக்கு வந்த 'லா அண்ட் ஆர்டர்' நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புதன்கிழமைக் கூட்டத்தில் ஒரு பகுதியை வெள்ளிக்கிழமைக்கு அழைத்துவர முடியுமா என்பதுதான் சேனலின் கேள்வி.

முதலில் சின்னதாக ஒரு வெள்ளோட்டம் பார்த்தார்கள். 1995-ல் ஒளிபரப்பான ஒரு 'ஹோமிசைட்' எபிசோடில் நியூயார்க் டிடெக்டிவ் மைக் லோகன், ஒரு கைதியைப் பால்டிமோர் போலீஸிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒரே ஒரு காட்சி. கதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் இரண்டு தொடர்களும் ஒரே உலகத்தில் நடப்பவை என்பது அந்தக் காட்சியோடு உறுதியாகிவிட்டது.

அடுத்த ஆண்டு முழுக் கதையே பகிரப்பட்டது. 1996 பிப்ரவரி 7, புதன்கிழமை, 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் 'சார்ம் சிட்டி' என்ற எபிசோட் ஒளிபரப்பானது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 9 வெள்ளிக்கிழமை, 'ஹோமிசைட்' தொடரில் 'ஃபார் காட் அண்ட் கன்ட்ரி' வந்தது.

இப்படிப்பட்ட கதைக்கு எழுத்தாளர்கள் முதலில் தேடுவது, இரண்டு தரப்பும் வந்தே தீரவேண்டிய ஒரு காரணத்தை. இங்கே அது ஒரு விஷவாயுத் தாக்குதல். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், சுரங்க ரயில் நிலையத்தில் பலர் சாகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பால்டிமோரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் இதேபோன்ற தாக்குதல் நடந்திருக்கிறது. அதை விசாரித்த டிடெக்டிவ் பெம்பிள்டனால் குற்றவாளியைப் பிடிக்க முடியவில்லை. அந்த வழக்கு அவர் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே அவர் நியூயார்க்குக்கு வருவதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வராமல் இருந்தால்தான் ஏன் என்று கேட்கத் தோன்றும்.

அடுத்த சிக்கல் இதைவிடக் கடினம். புதன்கிழமை பார்ப்பவர் வெள்ளிக்கிழமை பார்க்காமல் போகலாம். வெள்ளிக்கிழமை பார்ப்பவர் புதன்கிழமையைத் தவறவிட்டிருக்கலாம். இருவரையும் ஏமாற்றாமல் எழுத வேண்டும். அதற்கு எழுத்தாளர்கள் கண்ட வழி, ஒரே கேள்வியை இரண்டு நாளுக்கு இழுக்காமல், ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்கும்படி இரண்டு கேள்விகளை வைப்பது. ரயில் நிலையத்தில் வாயுவைப் பரப்பியவன் யார் என்ற கேள்விக்கு முதல் பகுதியின் நியூயார்க் விசாரணையும் வழக்கும் பதில் தேடுகின்றன. அவனுக்குப் பின்னால் இருந்து தூண்டியவர் யார், பழைய தேவாலயத் தாக்குதலோடு அவருக்கு என்ன தொடர்பு என்பது இரண்டாம் பகுதியின் கேள்வி. அதைத் தேடி நியூயார்க் டிடெக்டிவ்கள் பிரிஸ்கோவும் கர்ட்டிஸும் பால்டிமோருக்குப் போகிறார்கள். அந்தத் தூண்டியவராக நடித்தவர், பின்னாளில் ஆஸ்கர் விருது பெற்ற ஜே.கே. சிம்மன்ஸ்.

யார் வீட்டில் கதை நடக்கிறதோ அந்த வீட்டின் வழக்கப்படியே எல்லாம் நடக்கும். 'லா அண்ட் ஆர்டர்' எபிசோடில் பெம்பிள்டன் வந்தாலும் பாதியில் கதை நீதிமன்றத்துக்குப் போய்விடும். 'ஹோமிசைட்' எபிசோடில் நியூயார்க்காரர்கள் வந்தாலும் கேமரா அலைந்துகொண்டேதான் இருக்கும். விருந்தாளியின் குணம் மட்டும் மாறக்கூடாது. ஆகவே ஒரு தொடரின் எழுத்தாளர் இன்னொரு தொடரின் பாத்திரத்துக்கு வசனம் எழுதினாலும், அந்த ஆளின் பேச்சும் பழக்கமும் சொந்த வீட்டில் இருந்தபடியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் சறுக்கினால், இரண்டு தொடர்களையும் பார்க்கும் ரசிகர் முதல் வசனத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

கால்ஷீட்தான் பெரிய தலைவலி. அமெரிக்காவில் ஒரு மணிநேர எபிசோடை எடுக்க ஏறத்தாழ எட்டு நாள் ஆகும். ஒன்று முடிந்ததும் மறுநாளே அடுத்தது தொடங்கிவிடும். ஒரு நடிகர் பக்கத்துத் தொடருக்குச் சில நாள் போனால், அந்த நாட்களில் சொந்தத் தொடர் எடுக்கும் எபிசோடில் அவர் இருக்க முடியாது. எனவே எழுத்தாளர்கள் முன்கூட்டியே அந்த எபிசோடில் அவருக்கான காட்சிகளைக் குறைத்து, வேறு பாத்திரங்களுக்குக் கதையைத் திருப்புகிறார்கள். ஒரு மகாசங்கமம் கெடுக்கக்கூடியது அதன் இரண்டு எபிசோடுகளை மட்டுமல்ல, முன்னும் பின்னும் உள்ளவற்றையும்தான். எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு காட்சி இடிக்கும். ஜில் ஹென்னஸிக்கு அவரைப் போலவே தோற்றம் கொண்ட சகோதரி இருந்தது அந்தக் குழுவின் அதிர்ஷ்டம்.

தேதியும் தற்செயலாக அமைந்ததல்ல. இந்த இரண்டு தொடர்களும் மூன்று முறை கதையைப் பகிர்ந்தன: 1996 பிப்ரவரி, 1997 நவம்பர், 1999 பிப்ரவரி. அமெரிக்காவில் நவம்பர், பிப்ரவரி, மே மாதங்கள் 'ஸ்வீப்ஸ்' எனப்படும். நாடு முழுவதும் உள்ள உள்ளூர் நிலையங்களின் பார்வையாளர் எண்ணிக்கையை நீல்சன் நிறுவனம் விரிவாகக் கணக்கெடுத்த மாதங்கள் இவை. அந்தக் கணக்கை வைத்தே உள்ளூர் விளம்பரக் கட்டணம் பேசப்பட்டது. எனவே சேனல்கள் தங்கள் பெரிய வெடிகளை இந்த மாதங்களுக்கென்று எடுத்துவைத்தன. ஒளிபரப்புத் தேதி முதலில் முடிவாகி, கதை அதை நோக்கி எழுதப்படுவது இதனால்தான்.

தேதியோடு வரிசையும் முக்கியம். சி.டபிள்யூ. சேனலில் 2018-ல் ஞாயிறு 'சூப்பர்கேர்ள்', திங்கள் 'ஆரோ', செவ்வாய் 'தி ஃப்ளாஷ்' வந்துகொண்டிருந்தன. அந்த டிசம்பரில் மூன்றும் சேர்ந்த 'எல்ஸ்வேர்ல்ட்ஸ்' கதை, ஃப்ளாஷும் ஆரோவும் ஒருவர் வாழ்க்கையில் இன்னொருவர் கண்விழிப்பதில் தொடங்கியது. ஆகவே அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் 'தி ஃப்ளாஷ்' ஞாயிற்றுக்கிழமைக்கும் 'சூப்பர்கேர்ள்' செவ்வாய்க்கிழமைக்கும் இடம் மாறின. கதையின் தேவைக்காக அட்டவணையை வளைத்ததற்கு இது நல்ல சான்று. அந்தக் கதையின் முடிவிலேயே அடுத்த ஆண்டின் சங்கமமும் அறிவிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் தொடங்கி 2020 ஜனவரியில் முடிந்த அந்த ஐந்து மணிநேரக் கதையில் ஐந்து தொடர்கள் பங்கேற்றன. 'ஆரோ'வின் கடைசி சீசனே பத்து எபிசோடாகச் சுருங்கி, அதை நோக்கி நகர்ந்தது.

தமிழ் மகாசங்கமத்தின் கணக்கு வேறு. இங்கே தொடர்கள் தினமும் வருகின்றன. பார்வையாளர் எண்ணிக்கையும் வாரந்தோறும் கணக்கிடப்படுகிறது. அதனால் குறிப்பிட்ட மாதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒளிபரப்புக்கும் படப்பிடிப்புக்கும் இடைவெளி குறைவாக இருப்பதால் விரைவாக முடிவெடுக்கவும் முடிகிறது. விஜய் டிவி 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரை 'பாக்கியலட்சுமி'யோடு இணைத்ததுபோல, இரண்டு அரைமணி நேரத் தொடர்களைச் சேர்த்து ஒரு மணி நேரமாக்கிவிடுவார்கள். இரண்டு நாள் இடைவெளியில் பார்வையாளர் நழுவிப்போகும் சிக்கல் இங்கே எழுவதில்லை. ஆனால் எந்தக் காட்சி எந்தத் தொடருக்குச் சொந்தம் என்ற எல்லை கரைந்துவிடுகிறது. ஒரு தொடரை மட்டும் பார்ப்பவருக்கு, இன்னொரு குடும்பத்தின் பழைய பிணக்குகள் புரியாத பேச்சாகவே ஓடுகின்றன.

ஒளிபரப்பு முடிந்த பிறகு வரும் சிக்கல் எல்லா ஊருக்கும் பொது. மறுஒளிபரப்பின்போது ஒரு சேனலிடம் ஒரு தொடரின் உரிமை மட்டுமே இருந்தால், முதல் பகுதி வந்து இரண்டாம் பகுதி வராமல் போகும். ஓடிடி தளங்கள் தொடர்வாரியாகவே எபிசோடுகளை அடுக்குவதால், கதை திடீரென்று வேறொரு தலைப்புக்குள் தாவுவது பட்டியலில் தெரிவதில்லை. கதையைப் பகிர்ந்த மூன்று முறையும் 'லா அண்ட் ஆர்டர்' முதலிலும் 'ஹோமிசைட்' இரண்டாவதாகவும் வந்தன. ஒரு 'ஹோமிசைட்' எபிசோட், பார்த்தே இராத ஒரு வழக்கின் சுருக்கத்தோடு தொடங்கினால் அது தளத்தின் கோளாறு அல்ல. அதன் முதல் பாதி இன்னொரு தொடரில் இருக்கிறது.

'ஹோமிசைட்' 1999-ல் நின்றுபோனது. மூன்று சங்கமங்களால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அதன் டிடெக்டிவ் ஜான் மன்ச், அதே ஆண்டு தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்: ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' தொடரில் நியூயார்க்குக்கு வேலை மாறி வந்தார். ரிச்சர்ட் பெல்சர் அந்தப் பாத்திரத்தில் 2013 வரை வழக்கமாக நடித்தார். பால்டிமோர் ஆள் நியூயார்க்கில் வேலைக்குச் சேர்வதை ரசிகர்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டதற்கு, அந்த இரண்டு நகரங்களுக்கும் நடுவே 1995 முதலே வழி போட்டுவைத்திருந்த எழுத்தாளர்கள்தான் காரணம்.