ஆட்டம் முடிந்தும் அழியாத எண்

யூனிட்டியில் உருவாகிவரும் ஒரு வாள்சண்டை விளையாட்டை எடுத்துக்கொள்வோம். வாளின் ஒரு வெட்டு 20 புள்ளி சேதம் தரும். எதிரே நிற்கும் காவலாளியின் உயிர் 120 புள்ளி. ஆறு வெட்டில் அவன் விழ வேண்டும். வழியில் கிடக்கும் சிவப்புக் கல்லை எடுத்தால் வாளின் வலிமை ஒன்றரை மடங்காகி 30 ஆகும், அப்போது நான்கு வெட்டு போதும். எண்களைத் தீர்மானிக்கும் வடிவமைப்பாளர் பிளே பட்டனை அழுத்தி ஆடிப் பார்க்கிறார். எல்லாம் கணக்குப்படி நடக்கிறது.

இரண்டாம் முறை ஆடும்போது கல்லை எடுப்பதற்கு முன்பே காவலாளி நான்கு வெட்டில் விழுகிறான். கல்லை எடுத்தபின் மூன்றே வெட்டு. மூன்றாம் முறை, கல் இல்லாமலே மூன்று வெட்டு, எடுத்தபின் இரண்டு. காவலாளி மிகவும் பலவீனமாக இருக்கிறான் என்று முடிவு செய்து, அவன் உயிரை 200 ஆக்கிச் சேமிக்கிறார் வடிவமைப்பாளர். மறுநாள் அதே கோப்புகளைத் தன் கணினியில் இறக்கி ஆடும் சக ஊழியருக்கோ பத்து வெட்டு வெட்டினால்தான் காவலாளி சாய்கிறான். சண்டை இழுக்கிறது என்கிறார் அவர். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவர் கணினியிலும் வாளின் எண் வேறு வேறு, அவ்வளவுதான்.

குற்றவாளி ஒரே ஒரு வரி:

```csharp
sword.damage *= 1.5f;
```

இங்கே `sword` என்பது ஒரு ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட். வாளின் சேதம், எடை, படம் போன்ற விவரங்களை விளையாட்டுக் காட்சிக்கு வெளியே தனிக் கோப்பாக வைத்துக்கொள்ள யூனிட்டி தரும் வசதி அது. நூறு காவலாளிகள் இருந்தாலும் எல்லோரும் ஒரே கோப்பைப் பார்த்துக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரியாத வடிவமைப்பாளரும் இன்ஸ்பெக்டர் பலகையில் எண்ணை மாற்றலாம். 2017இல் ஆஸ்டினில் நடந்த யுனைட் மாநாட்டில் ரையன் ஹிப்பிள் இந்த வசதியை மையமாக வைத்து விளையாட்டைக் கட்டுவது பற்றி ஆற்றிய உரைக்குப் பிறகு, இதைப் பயன்படுத்தும் பழக்கம் வெகுவாகப் பரவியது.

சிக்கல் பிளே பட்டனில் தொடங்குகிறது. அதை அழுத்தியதும் யூனிட்டி காட்சியில் உள்ள பொருட்களின் நிலையைப் பத்திரப்படுத்திக்கொள்கிறது. ஆட்டத்தை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது. செத்த காவலாளி எழுந்து நிற்பான், உடைந்த கதவு ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பழகியவர்கள் ஆட்டத்தில் மாறியதெல்லாம் தானாக அழிந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட் கோப்பு காட்சியைச் சேர்ந்ததல்ல. அதை யாரும் திருப்பி வைப்பதில்லை. அதனால்தான் 20 என்பது 30, 45, 67.5 என்று ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறிக்கொண்டே போனது.

இதைக் கண்டுபிடிக்கவிடாமல் குழப்புவது இன்னொரு விஷயம். நிரல் மாற்றிய எண் முதலில் கணினியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. வட்டில் உள்ள கோப்பில் இன்னும் 20தான். கோப்பு மாறிவிட்டது, எழுது என்று யூனிட்டிக்கு யாரும் சொல்லவில்லை. எனவே புராஜெக்டைச் சேமித்தபோது இன்ஸ்பெக்டரில் கையால் மாற்றிய காவலாளியின் 200 வட்டுக்குப் போனது, வாளின் 67.5 போகவில்லை. எடிட்டரை மூடித் திறந்தால் வாள் மறுபடி 20 ஆகிவிடும். கிட்டில் தேடினாலும் வாள் கோப்பில் மாற்றம் எதுவும் தெரியாது. பிழை தானாக வந்து தானாகப் போனதுபோல் தோன்றும்.

இதைவிட மோசமானது அடுத்த கட்டம். எடிட்டரை மூடாமலே ஒருவர் வாளின் படத்தை மட்டும் மாற்றிச் சேமிக்கிறார் என்று வைப்போம். இப்போது அந்தக் கோப்பு மாறியதாகக் குறிக்கப்பட்டுவிட்டது. யூனிட்டி படத்தை மட்டும் தனியாக எழுதாது. நினைவகத்தில் உள்ள எல்லா விவரங்களையும் சேர்த்தே எழுதும். கிட்டில் பட மாற்றத்தோடு இந்த இரண்டு வரிகளும் சேர்ந்து வரும்:

```
-  damage: 20
+  damage: 67.5
```

பார்க்காமல் அனுப்பிவிட்டால் குழு முழுவதற்கும் அதுதான் வாளின் எண்.

மிகச் சுத்தமான தீர்வு, கோப்பில் எழுதாமலே இருப்பது. ஒன்றரை மடங்கு என்பது வாளின் இயல்பு அல்ல, இந்த ஆட்டத்தில் இந்த வீரனுக்குக் கிடைத்த வரம். அதைக் காட்சியில் உள்ள வீரனின் ஸ்கிரிப்டில் தனி எண்ணாக வைத்து, வெட்டும் நேரத்தில் பெருக்கிக்கொண்டால் போதும். ஆட்டம் நின்றதும் வீரனோடு அந்த எண்ணும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கோப்பிலுள்ள பல எண்கள் ஆட்டத்தில் மாறியே ஆக வேண்டும் என்றால், தொடக்கத்திலேயே ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் கைவைக்கலாம்.

```csharp
[SerializeField] SwordData original;
SwordData sword;

void Awake()
{
    sword = Instantiate(original);
}
```

இதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. வாள் கோப்பு தனக்குள் இன்னொரு ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்டைச் சுட்டினால், நகலும் அதே பழைய மூலத்தைத்தான் சுட்டும். அங்கே எழுதினால் கதை முதலிலிருந்து தொடங்கும். அடுத்து, திரையில் எண்ணைக் காட்டும் ஸ்கிரிப்ட் மூலக் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால், வீரனின் நகலில் நடக்கும் மாற்றம் அதற்குத் தெரியாது.

பலரும் ஒரே எண்ணைப் பார்க்க வேண்டிய இடத்தில், தொடக்க எண் ஒன்று, ஆட்டத்தில் மாறும் எண் ஒன்று என இரண்டாகப் பிரித்து, மாறும் எண்ணுக்கு `[NonSerialized]` என்ற குறியைப் போட்டு, கோப்பு நினைவகத்துக்கு வரும்போது தொடக்க எண்ணை அதில் நிரப்பும் முறை பரவலாக இருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் பிளேக்குள் சீக்கிரம் நுழைவதற்காக டொமைன் ரீலோடை நிறுத்தி வைப்பவர்களிடம் இது பலிக்காது. அந்த நிரப்பும் வேலை ஒவ்வொரு பிளேயின்போதும் நடப்பதற்குக் காரணமே அந்த ரீலோடுதான். அதை நிறுத்தியவர்கள், ஆட்டம் தொடங்கும்போது எண்ணைத் தாங்களே நிரப்பும் நிரலை எழுதிக்கொள்ள வேண்டும்.

தானியங்கிச் சோதனைகளிலும் இதே நோய் உண்டு. தனியாக ஓட்டினால் வெற்றி பெறும் சோதனை, மற்றவற்றோடு சேர்த்து ஓட்டும்போது தோற்றால், முன்னே ஓடிய சோதனை பொதுக் கோப்பில் எதையோ மாற்றிவிட்டதா என்று முதலில் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு சோதனையும் `ScriptableObject.CreateInstance` மூலம் தனக்கென ஒரு வாளை உருவாக்கி, முடிந்ததும் அழித்துவிட்டால் ஒன்றின் கறை இன்னொன்றில் படியாது.

மாற்றம் தங்கிவிடும் குணத்தை விரும்பிப் பயன்படுத்துபவர்களும் உண்டு. ஆட்டம் ஓடும்போதே இன்ஸ்பெக்டரில் வாளின் எண்ணைக் கூட்டிக் குறைத்து, கைக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தினால் அது அப்படியே நிற்கும். சமநிலை தேடும் வடிவமைப்பாளருக்கு அது பெரிய உதவி. மனிதர் வேண்டுமென்றே மாற்றியதும் நிரல் ஓட்டத்தில் மாற்றியதும் ஒரே இடத்தில் எழுதப்படும்போதுதான் தொல்லை.

அந்த நிலைப்பை நம்பி, வீரன் சேர்த்த காசையும் கடந்த கட்டங்களையும் ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்டிலேயே சேமிக்க நினைப்பது தவறு. எடிட்டருக்குள் அது வேலை செய்வதுபோலவே தெரியும். பில்ட் செய்து போனில் போட்ட விளையாட்டில் அந்த மாற்றங்கள் விளையாட்டை மூடும் வரைதான் இருக்கும். மறுபடி திறந்தால், பில்டில் வைத்து அனுப்பிய எண்களே வரும். வீரனின் காசு நிலைக்க வேண்டுமானால் அதை `Application.persistentDataPath` காட்டும் இடத்தில் தனிச் சேமிப்புக் கோப்பாக எழுத வேண்டும்.

இந்தப் பிழை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். ஆட்டம் தொடங்கியவுடன் வாளின் எண்ணைக் கன்சோலில் அச்சிடச் செய்து, கையால் எதையும் மாற்றாமல் இரண்டு முறை கல்லை எடுத்து ஆடிப் பாருங்கள். முதல் முறை 20, இரண்டாம் முறை 30 என்று வந்தால் காவலாளியின் உயிரைத் தொடாதீர்கள். வாளைத் தொடும் வரியைத் தேடுங்கள்.